அம்மா போட்ட வாசல் கோலத்தைத் தரையிலருந்து பிரிச்சு பொங்கல் வாழ்த்துல வச்ச அனுபவம்

போன மார்கழில அம்மா வாசல்ல ஒரு சிக்கு கோலம் போட்டாங்க, 7 புள்ளி நேர்புள்ளி, 1ல முடியுறது, மொத்தம் 25 புள்ளி, ஒரே இழையா சுத்தி சுத்தி வந்து ஆரம்பிச்ச இடத்துலயே சேருற மாதிரி. அதைப் பார்த்ததும் இந்த வருஷம் பொங்கல் வாழ்த்து அட்டைக்கு கடைல கிடைக்குற கோல டிசைன் எதுவும் வேணாம், இதையே வைக்கணும்னு தோணிடுச்சு. அரக்கு கலர் பேக்ரவுண்ட், நடுவுல அம்மாவோட கோலம், கீழ ரெண்டு வரி வாழ்த்து, அவ்ளோதான். போட்டோ எடுத்து தரையை மட்டும் நீக்கிட்டா முடிஞ்சுதுன்னு உக்காந்தேன், மூணு சாயங்காலம் ஆச்சு. எங்க தப்பு பண்ணேன், எது சரியா வந்துச்சுன்னு முழுசா எழுதுறேன், ஏன்னா கோலம் விஷயத்துல வழக்கமா போட்டோ கட் பண்ற முறை அப்படியே ஒத்து வராது.

நான் வேலை பண்ணது கிம்ப்ல. காசு கட்ட வேண்டாத சாஃப்ட்வேர், மத்ததுலயும் இதே விஷயங்கள் வேற பேர்ல இருக்கும்.

முதல்ல எல்லாரும் பண்றதைத்தான் பண்ணேன். `Fuzzy Select` எடுத்து தரை மேல கிளிக் பண்ணேன், வெளியில இருக்குற தரை மட்டும் செலக்ட் ஆச்சு. சிக்கு கோலத்துல இழை ஒவ்வொரு புள்ளியையும் சுத்தி மூடிக்கிட்டு போகுது இல்லையா, அதனால உள்ள இருக்குற தரை பூரா தனித்தனி துண்டா நிக்குது. ஒவ்வொரு துண்டா ஷிஃப்ட்டை அமுக்கிக்கிட்டு கிளிக் பண்ணிட்டே இருந்தேன், அப்புறம் `Select by Color` இருக்குறது ஞாபகம் வந்து அதுக்கு மாறினேன். அதுல வேற பிரச்சனை. வாசல் தெளிச்ச தண்ணி ஒரு பக்கம் காய்ஞ்சு சிமெண்ட் வெளுத்துப்போயிருக்கு, இன்னொரு பக்கம் ஈரமா கருத்துப்போயிருக்கு, மேல் ஓரத்துல கொஞ்சம் வெயில் வேற விழுந்திருக்கு. வெளிச்ச அளவை 0லருந்து 255 வரைக்கும் எண்ணுனா ஈரத் தரை 70 கிட்ட இருந்துச்சு, வெயில் பட்ட தரை 150. ஈரப் பக்கத்துல கோலத்தோட இழை 140தான். அதாவது ஒரு பக்கத்து தரை இன்னொரு பக்கத்து கோலத்தை விட வெள்ளையா இருக்கு! இதுல எந்த அளவை வச்சு 'இது தரை, இது கோலம்'னு பிரிக்கிறது, எங்க வச்சாலும் ஒரு பக்கம் தரை மிஞ்சும் இல்லைன்னா இன்னொரு பக்கம் இழை போயிடும்.

எப்படியோ ஒட்டி இழுத்து ஒரு வடிவத்துக்கு கொண்டு வந்து அரக்கு கலர் மேல வச்சு அம்மாகிட்ட காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு பார்த்தாங்க.

"என்னடி இது, சாக்பீஸ்ல போட்ட மாதிரி இருக்கு. பொடியே தெரியலையே."

அப்புறம் ஸ்க்ரீன் மேல விரலை வச்சு இழை போற வழியிலயே போனாங்க, மேல் வரிசை தாண்டி வலது பக்கம் திரும்புற வளைவுல விரல் நின்னுடுச்சு.

"இங்க அறுந்து போச்சு பாரு. அறுந்த இழையோட யாருக்கும் அனுப்பாத."

அந்த ரெண்டு வார்த்தைதான் எனக்கு அடுத்த ரெண்டு நாள் வேலை. பொடி தெரியணும், இழை அறுந்துபோகக்கூடாது.

ராத்திரி போட்டோவை 400 சதவீதம் ஜூம் பண்ணி அந்த வளைவைப் பார்த்தேன். கோலப்பொடி கோட்டுக்கு ஓரம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. கோட்டோட நடுவுல 200, கொஞ்சம் தள்ளி 170, அப்புறம் 140, 110, அப்படியே இறங்கி தரையோட 80ல கலந்துடுது, இந்த இறக்கமே அஞ்சாறு பிக்சல் அகலம் இருக்கு. விரல் நடுவுலருந்து பொடி விழும்போது நடுவுல அடர்த்தியா விழுது, ரெண்டு ஓரத்துலயும் துகள் துகளா சிதறுது, துகளுக்கு நடுவுல தரை தெரியுது. அம்மா 'பொடி'ன்னு சொன்னது இந்த ஓரத்தைத்தான். செலக்ஷன் டூலுக்கு ஒவ்வொரு பிக்சலையும் வச்சுக்க இல்லைன்னா தூக்கிப் போட மட்டும்தான் தெரியும். வச்சுக்கிட்ட ஓரத்து பிக்சல்ல பாதி பொடி பாதி சிமெண்ட், அது அரக்கு மேல போனதும் சாம்பல் கலர் விளிம்பா தெரியுது. அந்த விளிம்பு வேணாம்னு உள்ள தள்ளி வெட்டினா கோடு சாக்பீஸ் மாதிரி ஆகுது, மெல்லிசா இருக்குற இடத்துல அறுந்தும் போகுது. `Feather` போட்டு ஓரத்தை மென்மையாக்கினாலும் சிமெண்ட் கலர் கூடவேதான் வருது, மங்கலா வருது அவ்ளோதான் வித்தியாசம்.

அப்பதான் ஒண்ணு உறைச்சுது. எனக்கு போட்டோல இருக்குற கலரே வேணாமே. கோலம் வெள்ளைன்னு தெரியும், அந்த வெள்ளையை நானே போட்டுக்கலாம். போட்டோலருந்து எனக்கு வேண்டியது ஒரே ஒரு தகவல், எந்த இடத்துல எவ்வளவு பொடி இருக்கு. நிறைய இருந்தா முழு வெள்ளை, பாதி இருந்தா பாதி வெள்ளை, மீதிப் பாதில கீழ இருக்குற அரக்கு தெரியட்டும், வாசல்ல சிமெண்ட் தெரிஞ்ச மாதிரியே. அதாவது போட்டோவை வெட்டி எடுக்கறதில்ல, போட்டோவை ஒரு வெள்ளை லேயருக்கு மாஸ்க்கா மாத்தறது. மாஸ்க்ல வெள்ளையா இருக்குற இடம் தெரியும், கருப்பா இருக்குற இடம் மறையும், நடுவுல இருக்குறது அந்தந்த அளவுக்கு தெரியும். இதுக்கு தேவை என்னன்னா தரை பூரா ஒரே சீரா கருப்பா ஆகணும், கோலம் மட்டும் வெளிச்சமா நிக்கணும்.

அதுக்கு முதல்ல போட்டோவையே மறுபடி எடுத்தேன், பழைய போட்டோ வெயில் பட்டது. அம்மாகிட்ட சொன்னதும் மறுநாள் அதே கோலத்தையே போட்டுக் குடுத்தாங்க. இந்த முறை முந்தின நாள் கோலத்தை நல்லா தேய்ச்சு கழுவச் சொன்னேன், ஏன்னா முதல் போட்டோல கண்ணுக்கே தெரியாத நேத்தைய கோலத்தோட தடம் தரையை கருப்பாக்கும்போது புகை மாதிரி கிளம்பி வந்துச்சு. தண்ணி தெளிச்சு தரை ஈரமா இருக்கணும், ஈர சிமெண்ட் கருப்பா இருக்கும், வெள்ளை எடுப்பா நிக்கும். ஆனா மினுக்கக்கூடாது, மினுக்குச்சுன்னா வானத்தோட வெளிச்சம் தரைல பட்டு கோலத்தை விட வெள்ளையா தெரியும். கொஞ்ச நேரம் காத்திருந்தா மினுமினுப்பு போயிட்டு ஈரத்தோட கருமை மட்டும் நிக்குற ஒரு கட்டம் வரும், அப்ப எடுக்கணும். மணி ஏழு வாக்குல எடுத்தேன், நல்லா விடிஞ்சிருக்கு, வெயில் இன்னும் வாசலுக்கு வரல, வாசல் லைட்டையும் அணைச்சுட்டேன்.

ஒரு ஸ்டூல் மேல ஏறி நின்னு போனை தரைக்கு சமமா பிடிச்சேன். கிட்ட போயி அகல லென்ஸ்ல எடுத்தா ஓரத்துல இருக்குற கோடெல்லாம் வெளிய வளையும், அதனால உயரமா நின்னு 2x ஜூம்ல எடுக்கறது நல்லது. ஸ்க்ரீன்ல கோலத்தைத் தொட்டு வெளிச்சத்தை கொஞ்சம் கீழ இழுத்துக்கிட்டேன், படம் பார்க்க மந்தமாதான் இருக்கும், ஆனா கோட்டோட நடுவு 255ல போயி முட்டாம இருக்கும், முட்டிடுச்சுன்னா துகள் துகளா இருக்குறது ஒரே வெள்ளைப் பட்டையா ஆயிடும். படம் 4000க்கு 3000 பிக்சல், அதுல கோலம் 2700 பிக்சல் அகலத்துக்கு வந்துச்சு, ஒரு கோடு சுமார் 15 பிக்சல் தடிமன். போன்லருந்து கம்ப்யூட்டருக்கு கேபிள் போட்டுத்தான் எடுத்தேன், மெசேஜ்ல போட்டோவா அனுப்பினா சுருக்கிடும், அந்த துகள் எல்லாம் கட்டம் கட்டமா ஆயிடும்.

அடுத்து நேராக்கறது. எவ்வளவு கவனமா பிடிச்சாலும் போன் கொஞ்சம் சாயும். புள்ளிக் கோலத்துல இதைக் கண்டுபிடிக்க ஒரு வசதி இருக்கு, புள்ளியே அளவுகோல். நடுப்புள்ளிலருந்து மேல் நுனிப்புள்ளிக்கும் கீழ் நுனிப்புள்ளிக்கும் தூரம் ஒண்ணா இருக்கணும், இடது வலதும் அப்படியே. `Measure` டூல்ல அளந்தா எனக்கு மேல 1090 வந்துச்சு, கீழ 1225. மேல் பக்கம் கேமராவுக்கு தள்ளி இருந்திருக்கு. கைடு கோடு நாலு போட்டுக்கிட்டு `Perspective` டூல்ல மூலையை இழுத்து நாலு நுனிப்புள்ளியையும் அந்தக் கோட்டுல உக்கார வச்சேன். ரொம்ப நுணுக்கமா எல்லா 25 புள்ளியையும் கட்டத்துல பொருத்தணும்னு நினைக்காதீங்க, கைல வச்ச புள்ளி அங்கங்க ஒரு நூல் விலகித்தான் இருக்கும், அது அம்மாவோட கை, அதைத் திருத்துற உரிமை நமக்கு இல்லைன்னு நான் நினைக்கிறேன். கேமராவோட சாய்வை மட்டும் எடுத்தா போதும். இதை ஆரம்பத்துலயே ஒரே தடவைல முடிச்சுடுங்க, ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் படம் கொஞ்சம் கொஞ்சமா மங்கும்.

இப்ப முக்கியமான வேலை, தரையைக் கழிக்கறது. வெயில் இல்லாம எடுத்தாலும் தரை ஒரே சீரா இருக்காது, ஒரு பக்கம் சுவரோட நிழல், நடுவுல ஈரத்திட்டு. இதுக்கு வழி என்னன்னா கோலமே இல்லாத வெறும் தரையோட படம் ஒண்ணு செஞ்சுக்கிட்டு அதை அசல் படத்துலருந்து கழிச்சுடறது. கோலம் போடறதுக்கு முன்னாடியே அதே இடத்துலருந்து ஒரு போட்டோ எடுத்துக்கிட்டா என்னன்னு கேக்கலாம், நானும் யோசிச்சேன், ஆனா ஸ்டூல் ஒரு விரல் நகர்ந்தாலும் ரெண்டு படமும் பொருந்தாது, அதுக்குள்ள ஈரமும் காய்ஞ்சு தரையோட நிறம் மாறிடும். அதே போட்டோலருந்தே தரையைச் செய்யறதுதான் சரி.

போட்டோ லேயரை டூப்ளிகேட் பண்ணிக்கணும். மேல இருக்குற காப்பில `Filters > Blur > Median Blur`. இது சாதாரண ப்ளர் மாதிரி எல்லாத்தையும் கலக்கி விடறதில்ல, ஒவ்வொரு பிக்சலுக்கும் சுத்தி இருக்குற வட்டாரத்தை வெளிச்ச வரிசைல நிக்க வச்சு நடுவுல நிக்குறதை எடுத்துக்கும். அந்த வட்டாரத்துல தரைதான் அதிகம்னா தரையோட நிறம்தான் நடுவுல நிக்கும், கோலக்கோடு காணாம போயிடும். அதனால ரேடியஸ் கோட்டோட தடிமனை விட நல்லா பெருசா இருக்கணும், என்னோட 15 பிக்சல் கோட்டுக்கு 40 வச்சேன். இழை ஒண்ணையொண்ணு வெட்டிக்கிட்டு போற இடத்துல மட்டும் லேசா வெள்ளைத் திட்டு மிஞ்சுச்சு, அங்க கோடு நெருக்கமா இருக்கறதால. `Percentile`னு ஒண்ணு இருக்கு, அதை 50லருந்து 35க்கு இறக்கினேன், வரிசைல நடுவுக்குப் பதிலா கொஞ்சம் கருப்பு பக்கமா இருக்குறதை எடுத்துக்கும், திட்டும் போயிடுச்சு. பெரிய படத்துல இது முடிய நேரம் எடுக்கும், அவசரப்பட்டு க்ளோஸ் பண்ணாதீங்க. முடிஞ்சதும் ஸ்க்ரீன்ல வெறும் வாசல்தான் நிக்கும், ஈரத்திட்டு நிழல் எல்லாம் அப்படியே இருக்கும், கோலம் மட்டும் இருக்காது. எனக்கு அதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்துச்சு, கோலம் போடாத வாசல்.

இப்ப அந்த தரை லேயரோட மோடை `Subtract`னு மாத்தணும். கீழ இருக்குற அசல் படத்துலருந்து மேல இருக்குற தரை கழிஞ்சுடும். ஈரத்திட்டுலருந்து ஈரத்திட்டு, நிழல்லருந்து நிழல், எல்லாம் போயி தரை பூரா கருப்பு, கோலம் மட்டும் தனியா மின்னுது. அங்கங்க மணல் மாதிரி லேசான புள்ளிகள் இருக்கும், சிமெண்டோட சொரசொரப்பு அது, கவலை வேணாம்.

`Layer > New from Visible` குடுத்தா கண்ணுக்கு தெரியறது தனி லேயரா வரும். அது மேல ரைட் கிளிக் பண்ணி மாஸ்க் சேர்க்கும்போது `Grayscale copy of layer`னு இருக்குறதை எடுத்தா அந்தப் படமே மாஸ்க்கா போயிடும். அப்புறம் மாஸ்க்கை விட்டுட்டு லேயர் படத்தைக் கிளிக் பண்ணி அதை முழுக்க வெள்ளையா ஃபில் பண்ணிடணும், போட்டோவோட கலர் அத்தோட முடிஞ்சுது. கீழ இருக்குற ரெண்டு லேயரையும் மறைச்சுட்டு அரக்கு கலர் லேயர் ஒண்ணை வச்சுப் பார்த்தேன். பொடி இருந்துச்சு. கோட்டோட ஓரத்துல துகள் துகளா, நடுநடுவுல அரக்கு எட்டிப்பார்க்குற மாதிரி, அரக்கு தரைலயே கோலம் போட்டா எப்படி இருக்குமோ அப்படி. சாம்பல் விளிம்பு எங்கயும் இல்ல, இருக்கவும் முடியாது, சிமெண்ட் கலர் ஒரு பிக்சல்ல கூட பாக்கி இல்லையே.

ஆனா கோலம் கொஞ்சம் மங்கலா இருக்கும், பேக்ரவுண்ட் மேல மெல்லிசா புகை படிஞ்ச மாதிரியும் இருக்கும். இதைச் சரி பண்றது `Colors > Levels`ல, மாஸ்க்கை கிளிக் பண்ணிட்டு. இடது முக்கோணம் எங்க நிக்குதோ அதுக்குக் கீழ இருக்குறதெல்லாம் முழுசா மறையும், வலது முக்கோணத்துக்கு மேல இருக்குறதெல்லாம் முழு வெள்ளையாகும். எனக்கு இடது 45, வலது 120ல வந்து நின்னுச்சு, உங்க தரைக்கு வேறயா இருக்கும். புகை போச்சான்னு பார்க்க தற்காலிகமா ஒரு கருப்பு லேயரைக் கீழ வச்சுப் பாருங்க, கருப்புல எதுவும் ஒளிஞ்சுக்க முடியாது.

இந்த இடத்துலதான் நான் ரெண்டாவது தடவை தப்பு பண்ணப் பார்த்தேன். புகையை முழுசா ஒழிக்கணும்னு இடது முக்கோணத்தை 80 வரைக்கும் தள்ளினேன், படம் பளிச்சுன்னு ஆச்சு, சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் அம்மா பண்ண மாதிரியே விரலை வச்சு இழை வழியா போனேன், அதே மாதிரி ஒரு வளைவுல நின்னுடுச்சு. கோலம் போடும்போது கைல இருக்குற பொடி தீரப்போற இடம் இருக்கு இல்லையா, அங்க கோடு மெலிஞ்சு வெளிறி போகும், அடுத்த பிடி பொடி எடுத்து அதே இடத்துலருந்து தொடர்வாங்க. முழுக் கோலத்துலயும் பலவீனமான இடம் அதுதான். அதனால லெவல்ஸை கோலத்தோட அழகான பகுதியைப் பார்த்து வைக்கவே கூடாது. அந்த மெலிஞ்ச இடத்தை 100 சதவீத ஜூம்ல ஸ்க்ரீனுக்குக் கொண்டு வந்து, அங்க இழை அறுந்துபோகாத அளவுக்கு மட்டும் இடது முக்கோணத்தை தள்ளணும். மீதி புகை எங்கயாவது இருந்துச்சுன்னா மாஸ்க் மேல கருப்பு பிரஷ் வச்சு தேய்ச்சு எடுத்துக்கலாம், சுவர்லருந்து சொட்டின சுண்ணாம்பு புள்ளி ஒண்ணு, கோலத்துக்கு வெளிய சிந்தின பொடி, எல்லாத்தையும் அப்படித்தான் எடுத்தேன். கோட்டை ஒட்டி சிதறின துகளை மட்டும் தொடல. அதைத் தொட்டா மறுபடி சாக்பீஸ்தான்.

திரும்ப விரல் வச்சு முழு இழையையும் சுத்தி வந்து ஆரம்பிச்ச இடத்துல சேர்ந்தேன். அம்மாவும் ஒரு தடவை சுத்தி பார்த்துட்டு "ம், இப்ப சரி"ன்னாங்க.

சேவ் பண்ணும்போது வேலை பண்ற ஃபைலை `.xcf`ல லேயரோட வச்சுக்கங்க, டிசைன்ல வைக்க `.png`ல எக்ஸ்போர்ட் பண்ணுங்க. `.jpg`ல ஒளி ஊடுருவற தன்மையே கிடையாது, பேக்ரவுண்ட் லேயரை மறைச்சுட்டு அதுல எக்ஸ்போர்ட் பண்ணா கோலத்துக்குப் பின்னாடி ஒரு நிறம் அடைச்சு குடுத்துடும், அது வெள்ளையா இருந்துச்சுன்னா வெள்ளை மேல வெள்ளை, காலிப் படம்தான் தெரியும்.

போன்ல அனுப்பற வாழ்த்துக்கு இத்தோட வேலை முடிஞ்சுது. ஆனா பெரியவங்களுக்கு அட்டையா குடுக்கணும்னு கொஞ்சம் பிரிண்ட் போட பிரஸ்ஸுக்கு போனேன். அட்டை 5க்கு 7 இன்ச், கோலம் அதுல நாலரை இன்ச், இன்ச்சுக்கு 300 பிக்சல், அதாவது 300 டிபிஐ கணக்குல 1350 பிக்சல் இருந்தா போதும், என்கிட்ட ரெண்டு மடங்கு இருக்குன்னு தைரியமா போனேன். பிரஸ்ல இருந்த அண்ணன் படத்தைப் பார்த்துட்டு "வெள்ளைக்குன்னு இங்க இங்க் கிடையாதும்மா, அட்டையோட வெள்ளைதான் தெரியணும். சுத்தி அரக்கு அடிக்கும்போது மெல்லிசு கோடெல்லாம் இங்க் கசிஞ்சு மூடிக்கும். கோடு 1 பாயிண்டுக்குக் கீழ எங்கயும் போகாம பார்த்துக்கங்க"ன்னு சொன்னாரு. 1 பாயிண்ட்னா 300 டிபிஐல நாலு பிக்சல். கணக்கு போட்டுப் பார்த்தேன், 2700ல 15 பிக்சலா இருந்த கோடு 1350க்கு சுருங்கும்போது ஏழு, பரவாயில்ல. ஆனா அந்த பொடி தீர்ந்த வளைவுல கோடு அசல்லயே ஆறேழு பிக்சல்தான், சுருங்கினா மூணு. அங்கதான் மூடிக்கும்.

அரக்கு கலரே பிரஸ்ல ரெண்டு மூணு இங்க் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து வர்றது, அதுல ஒண்ணு தலைமுடி அளவு நகர்ந்தாலும் வெள்ளைக் கோட்டுக்கு ஓரத்துல சிவப்பு நிழல் கட்டும். துகள் துகளா இருக்குற ஓரத்துல அது இன்னும் மோசமா தெரியும். அதனால பிரிண்டுக்கு மட்டும் தனியா ஒரு காப்பி பண்ணேன். வலது முக்கோணத்தை 120லருந்து 90க்கு இறக்கினேன், பாதி வெள்ளையா இருந்த ஓரம் நிறைய முழு வெள்ளைக்கு வந்து கோடு கொஞ்சம் தடிச்சுது. அந்த ஒரு வளைவுல மட்டும் மாஸ்க் மேல சின்ன வெள்ளை பிரஷ்ஷால, ஒபாசிட்டி குறைச்சு வச்சு, பொடி தூவுற மாதிரி நாலஞ்சு தடவை தட்டி ஒத்தி நிரப்பினேன். பொடி தீர்ந்த இடத்துல அம்மா மறுபடி கொஞ்சம் தூவற மாதிரிதான் அதுவும். ப்ரூஃப் ஒரு அட்டை மட்டும் முதல்ல போட்டு வாங்கி, லென்ஸ் வச்சு அந்த வளைவைப் பார்த்துட்டுதான் மீதிக்கு சரின்னேன். ஓரத்துல துகள் கொஞ்சம் கம்மியாதான் இருந்துச்சு போன்ல பார்க்குறதை விட, ஆனா பொடின்னு தெரியுது.

இந்த முறை எல்லா கோலத்துக்கும் வராது, அதையும் சொல்லிடறேன். கலர் பொடி நிரப்பின ரங்கோலிக்கு இது ஆகாது. கருநீலம், கரும்பச்சை எல்லாம் தரையை விட இருட்டா இருக்கும், கழிக்கும்போது அதுவும் தரையோட சேர்ந்து கருப்பாயிடும், பூவோட இதழ் இருந்த இடத்துல ஓட்டைதான் மிஞ்சும். அதுல உள்ள நிரப்பி இருக்கறதால தரை தெரியாது, வெளி விளிம்பை மட்டும் `Paths` டூல்ல கையால சுத்தி வெட்டிக்கறதுதான் வழி. வெள்ளைக் கோலத்தை சுத்தி செம்மண் பட்டை இழுத்திருந்தா அது வேற, செம்மண் சிமெண்டை விட வெளிச்சமா இருந்துச்சுன்னா அதுவும் கோலத்தோட சேர்ந்து மாஸ்க்ல வந்துடும், ஆனா பாதி வெள்ளையா வரும், பார்க்க நல்லா இருக்காது.

செம்மண் விஷயத்துக்கு ஒரு நல்ல வழி எனக்கு பூஜை ரூம் தரைல கிடைச்சுது. பழைய ரெட் ஆக்சைடு தரை, அதுல வெள்ளிக்கிழமை அம்மா அரிசி அரைச்சு இழைக்கோலம் போடுவாங்க. அதையும் அடுத்த வாழ்த்துக்கு வச்சுக்கலாம்னு எடுத்துப் பார்த்தேன். போட்டோவை கருப்பு வெள்ளையா மாத்தினா சிவப்பு தரை நடுத்தர சாம்பலா வருது, மாவு அதுல எடுப்பாவே நிக்கல. போட்டோவை சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு சேனலா தனித்தனியா பிரிச்சுப் பார்த்தேன், `Colors > Components > Decompose`ல `RGB`. சிவப்பு சேனல்ல தரையும் வெளிச்சம் கோலமும் வெளிச்சம், உதவாது. நீல சேனல்ல தரை கிட்டத்தட்ட கருப்பு, மாவு வெள்ளை, பார்த்ததும் இதுதான்னு நினைச்சேன், ஆனா கிட்ட ஜூம் பண்ணா படம் பூரா கண்டபடி புள்ளிப்புள்ளியா இருக்கு, கோட்டோட ஓரம் சின்னச் சின்ன கட்டமா உடைஞ்சிருக்கு, போன் போட்டோல நீலம்தான் எப்பவும் மோசமா இருக்கும். பச்சை சேனல்லயும் சிவப்பு தரை போதுமான அளவு கருப்பா இருக்கு, ஓரமும் சுத்தமா இருக்கு. அதையே `RGB` மோடுக்கு மாத்தி அசல் படமா வச்சுக்கிட்டு மீதி எல்லாம் முன்ன சொன்ன மாதிரியே பண்ணேன். வாசல்ல செம்மண் பட்டை இருந்தாலும் பச்சை சேனல்ல அது நல்லா இறங்கிடும்.

ஒண்ணே ஒண்ணு, ஈரமாக்கோலத்தை போட்ட உடனே போட்டோ எடுக்காதீங்க. ஈரத்துல மாவு கண்ணாடி மாதிரி இருக்கும், தரை அதுக்குள்ளாலயே தெரியும், நான் முதல்ல எடுத்ததுல பாதி இழை மாஸ்க்ல வரவே இல்ல. அம்மாகிட்ட சொன்னதுக்கு "காயட்டும்டி, காய்ஞ்சாதான் வெளுக்கும்"னு சொல்லிட்டு விளக்கேத்தப் போயிட்டாங்க. அவங்க பூஜை முடிச்சு வர்ற வரைக்கும் காத்திருந்து எடுத்த படம்தான் இப்ப என்கிட்ட இருக்கு, ஒவ்வொரு இழையும் விரலோட அகலத்துக்கு முழு வெள்ளை.